ஒரே நிறுவனத்தில் கணவன் மனைவி: ஒன்றாக லீவு எடுக்க நான்கு வழிகள், எது யாருக்குப் பொருந்தும்

2023 தீபாவளிக்கு நானும் என் கணவரும் நவம்பர் 8 முதல் 17 வரை லீவு எடுத்து ஊருக்குப் போனோம். இருவரும் சிங்கப்பூரில் ஒரே சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறோம். முப்பது பேர் உள்ள சின்ன இடம். அவர் இறக்குமதிப் பிரிவு, சுங்கப் பெர்மிட் போடுபவர். நான் கணக்குப் பிரிவில் சம்பளமும் வெளியே கட்ட வேண்டிய பணமும் பார்க்கிறேன். பிரிவு வேறு, மேலாளர் வேறு. அவர் விண்ணப்பத்தை அவர் மேலாளர் ஏற்றார், என்னுடையதை என் மேலாளர் ஏற்றார். இரண்டு பிரிவிலும் தேவையான ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

ஐந்தாவது வேலை நாளில் ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. கப்பல் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டினால்தான் டெலிவரி ஆர்டர் கிடைக்கும், அது இருந்தால்தான் லாரி உள்ளே போக முடியும். அந்தக் கட்டணத்தை வங்கியில் பதிவு செய்பவள் நான். எனக்குப் பதிலாக இருந்தவரிடம் வங்கிக் கணக்கைப் பார்க்கும் உரிமை இருந்தது, பணம் அனுப்பும் உரிமை இல்லை. இறக்குமதிப் பிரிவில் இருந்தவர் வழக்கம்போல என் கணவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். மற்ற நாட்களில் கணவர் என் மேசைக்கு எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போவார். அன்று நாங்கள் இருவரும் ஒரே காரில், சிக்னல் இல்லாத ஒரு சாலையில் இருந்தோம். கண்டெய்னரைத் துறைமுகத்தில் வைக்கத் தரும் இலவச நாட்கள் முடிந்து இரண்டு நாள் வாடகை ஏறியது. வாடிக்கையாளருக்கு நிறுவனம் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இருவருடைய பிரிவிலும் ஆள் குறையவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த வேலைக்குத்தான் ஆள் இல்லாமல் போனது. அது எந்த மேலாளரின் லீவு அட்டவணையிலும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் பிரிவை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பதியர் லீவு எடுக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்த வருடம் தெரிந்தவர்கள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒன்றாகவே எடுக்கலாமா, முன்னும் பின்னுமாக எடுக்கலாமா, குறைத்துக்கொள்ளலாமா, ஒருவர் ஊரிலிருந்தே வேலை செய்யலாமா? அதற்கான பதிலை எங்கள் அடுத்த பயணத்தை வைத்தே சொல்கிறேன். அந்தப் பயணத்தில் இந்த நான்கையும் தாளில் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

இருவரும் இல்லாத வேலை நாட்கள் எத்தனை? மொத்த லீவு நாட்களை விட இது முக்கியம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையைக் கழித்துவிட்டு, இருவர் நாற்காலியும் காலியாக இருக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள்.

உங்கள் இருவருக்கும் நடுவே என்ன வேலை ஓடுகிறது? வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து, "போன மாதம் அலுவலக விஷயமாக நான் உன்னிடம் எதெல்லாம் கேட்டேன்?" என்று எழுதிப் பாருங்கள். வாய்மொழியாகவே நடந்துவிடுவதால் இவை எந்தக் கையேட்டிலும் இருக்காது. எங்கள் பட்டியலில் ஆறு வந்தன. அதில் இரண்டு அவசரமானவை.

அந்த நாட்களில் வேறு யார் லீவு? இதைத் தம்பதியர் பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஜூனில் பள்ளி விடுமுறை நான்கு வாரம். பிள்ளை உள்ள எல்லோரும் அந்த நான்கு வாரத்துக்குள்தான் லீவு கேட்பார்கள்.

வருடத்தின் மீதிக்கு எவ்வளவு மிஞ்சும்? வேலை நியமனச் சட்டப்படி முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கூடி எட்டாவது வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்திர விடுப்பு. இது குறைந்தபட்சம்தான், பல நிறுவனங்கள் இதற்கு மேல் தருகின்றன. எங்கள் ஒப்பந்தத்தில் எனக்கு 16, அவருக்கு 15. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள 7 வயதுக்குக் கீழான பிள்ளை இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தனியாக உண்டு. குடியுரிமை இல்லாத பிள்ளை என்றால் 2 நாள். அது அடுத்த வருடத்துக்குப் போகாது. ஆனால் அதைப் பயணத்துக்குச் செலவழித்துவிட்டால், பாலர் பள்ளியில் கை, கால், வாய் நோய் வந்து ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்லும்போது கையில் ஒன்றும் இருக்காது. பயணம் முடிந்த பிறகு ஆளுக்கு ஐந்து நாளாவது மிஞ்ச வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

இருவரும் கட்டாயம் சேர்ந்து இருக்க வேண்டிய நாட்கள் எவை? விசேஷத்துக்குப் போகிறோம் என்றால் அது உண்மையில் மூன்று நான்கு நாள்தான். மீதி நாட்கள் ஆசைக்கு. ஆசை தப்பே இல்லை, ஆனால் அதையும் கட்டாயத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

## எங்கள் கணக்கு: ஜூன் 2024

என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அவர் பிறந்தது 1964இல், குரோதி வருடம் வைகாசி மாதம். அறுபது வருடம் சுற்றி மறுபடி குரோதி வந்து, வைகாசியில் அவர் நட்சத்திரம் விழுந்த நாள் ஜூன் 12, புதன்கிழமை. சாதாரணக் கல்யாணம் என்றால் "அடுத்த முகூர்த்தம் பார்க்கலாமா" என்று கேட்டிருப்போம். இந்த நாளை நகர்த்த முடியாது.

மற்ற விவரங்கள் இவை. பள்ளி விடுமுறை மே 25 முதல் ஜூன் 23 வரை. ஜூன் 17 திங்கள் ஹஜ்ஜுப் பெருநாள், பொது விடுமுறை. பெரியவள் தொடக்கநிலை 3, சின்னவனுக்கு ஐந்து வயது. எங்கள் நிறுவனத்தில் சம்பளம் 27ஆம் தேதி. அதற்கான வேலை 20ஆம் தேதி தொடங்கும், அப்போது நான் இருந்தே ஆக வேண்டும். மாத முடிவிலிருந்து 7 நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் இதில் விளையாட முடியாது. மத்திய சேமநிதிச் சந்தா அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், ஆனால் அதை நான் மே முடிவதற்குள்ளேயே கட்டிவிடலாம். கணவர் பிரிவில் பெர்மிட் போடுபவர்கள் மூன்று பேர், எந்த வேலை நாளிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவர், இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் தாய், ஜூன் 3 முதல் 7 வரை ஏற்கெனவே லீவு வாங்கியிருந்தார்.

நான்கு வழிகளையும் இதில் வைத்துப் பார்த்தால் இப்படி வந்தது:

| வழி | என் லீவு | அவர் லீவு | இருவரும் இல்லாத வேலை நாட்கள் | எங்கே இடிக்கிறது |
|---|---|---|---|---|
| முழுவதும் ஒன்றாக | ஜூன் 3–14, 10 நாள் | ஜூன் 3–14, 10 நாள் | 10 | முதல் வாரம் பெர்மிட்டுக்கு ஒரே ஆள் |
| படிக்கட்டு லீவு | ஜூன் 3–14, 10 நாள் | ஜூன் 10–21, 9 நாள் | 5 | தனித்தனி டிக்கெட், தனியாளாகப் பிள்ளைகள் |
| விசேஷ வாரம் மட்டும் | ஜூன் 10–14, 5 நாள் | ஜூன் 10–14, 5 நாள் | 5 | நீண்ட வாரயிறுதிக் கட்டணம், அவசரம் |
| ஒருவர் அங்கிருந்து வேலை | ஜூன் 3–14, 10 நாள் | ஜூன் 10–14, 5 நாள் | தாளில் 5 | அனுமதி, நேரம், விசேஷ வீடு |

## முழுவதும் ஒன்றாக எடுப்பது

எல்லோருக்கும் முதலில் மனசில் வருவது இதுதான். பிள்ளைகளுக்கும் இதுதான் பிடிக்கும். ஒரே டிக்கெட் பதிவு, ஒரே கார், பெட்டி தூக்க இரண்டு பேர். பயணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு இல்லை.

எங்களுக்கு இது முதல் வாரத்திலேயே அடிபட்டது. கணவர் ஜூன் 3 முதல் 7 வரை இல்லையென்றால், அந்தத் தோழியும் இல்லாத நிலையில் பெர்மிட்டுக்கு ஒருவர்தான் இருப்பார். பெர்மிட் போடும் கணக்கு அவரவர் பெயரில் பதிவானது, ஒருவருடைய கடவுச்சொல்லை இன்னொருவர் வாங்கிச் சமாளிக்கும் வேலை இல்லை. அந்த ஒருவருக்கும் காய்ச்சல் வந்தால் இறக்குமதியே நின்றுவிடும். அந்தத் தோழியை லீவை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மார்ச்சிலேயே கேட்டு வாங்கியது அது. எங்கள் வீட்டு விசேஷத்துக்காக அவர் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையை இழப்பது நியாயமில்லை.

மறைவாக இருக்கும் செலவு இன்னொன்று உண்டு. கணவனும் மனைவியும் பத்து நாள் சேர்ந்து போகும்போது, மற்றவர்கள் கண்ணுக்கு அது ஒரு குடும்பம் ஜூன் மாதத்தின் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டதாகத் தெரியும். ஜூனில் இப்படி எடுத்தால் டிசம்பரில் பின்வாங்க வேண்டும். அதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் நாங்கள் இருவரும் லீவு கேட்பதில்லை, தீபாவளிக்குச் சீன நண்பர்கள் எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கெடுத்துக்கொண்டு கிடைக்கும் பத்து நாள் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இது பொருந்தும் இடமும் உண்டு. உங்கள் இருவர் வேலைக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை, இரண்டு பிரிவிலும் நான்கைந்து பேர், பள்ளி விடுமுறை இல்லாத மாதம் என்றால் தாராளமாக எடுங்கள். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாத தம்பதியர் பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ ஊருக்குப் போக முடியும். ஜூனை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு அப்படிப் போனால் மேலாளரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவார்.

## படிக்கட்டு லீவு

ஒருவர் முன்னால் போய் முன்னால் திரும்புவது, மற்றவர் பின்னால் போய்ப் பின்னால் திரும்புவது, நடுவே சில நாட்கள் சேர்ந்து இருப்பது. நாங்கள் எடுத்தது இதுதான்.

ஜூன் 1 சனிக்கிழமை நான் பிள்ளைகளுடன் திருச்சிக்கு விமானம் ஏறினேன். அவர் முதல் வாரம் வேலை செய்துவிட்டு ஜூன் 8 சனிக்கிழமை வந்தார். விசேஷ வாரம் முழுக்க எல்லோரும் சேர்ந்து இருந்தோம். ஜூன் 17 பொது விடுமுறையன்று நான் மட்டும் சிங்கப்பூர் திரும்பி 18ஆம் தேதி மேசையில் உட்கார்ந்தேன், சம்பள வேலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே. அவரும் பிள்ளைகளும் ஜூன் 23 ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், மறுநாள் பள்ளி திறப்பு.

கணக்கைப் பாருங்கள். முழுவதும் ஒன்றாக எடுத்தால் 20 நாள் லீவு, இருவரும் இல்லாத நாள் 10. இதில் 19 நாள் லீவு, இருவரும் இல்லாத நாள் 5. ஆனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியுடன் மூன்று வாரம் இருந்தார்கள். எங்களில் ஒருவர் எப்போதும் அவர்கள் பக்கத்தில் இருந்தோம். பெர்மிட் பிரிவில் ஒருநாள் கூட இரண்டு பேருக்குக் குறையவில்லை. எனக்கு 6 நாளும் அவருக்கு 6 நாளும் வருடாந்திர விடுப்பு மிஞ்சியது, குழந்தைப் பராமரிப்பு விடுப்பைத் தொடவே இல்லை.

யார் முன்னால் போவது என்பதை நாங்கள் ஆசைப்படி முடிவு செய்யவில்லை. அவரவர் வேலையில் எந்தத் தேதி கனமானது என்று பார்த்தால் அது தானாகவே வந்துவிடுகிறது. எனக்கு மாதத்தின் கடைசிப் பத்து நாள் கனம், அதனால் நான் முதலில் போய் முதலில் திரும்ப வேண்டும். அவருக்கு அந்த வருடம் முதல் வாரம் கனம், அதனால் அவர் பின்னால். இருவருக்கும் ஒரே வாரம் கனமாக இருந்தால் படிக்கட்டு லீவு வேலைக்கு ஆகாது. உதாரணமாக, இருவருமே கணக்குப் பிரிவு, இருவருக்கும் மாத முடிவில் கணக்கு முடிக்க வேண்டும் என்றால் ஒருவருடைய லீவு கட்டாயம் அந்த வாரத்தில் இடிக்கும்.

இதன் மறைவான செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். தனியாளாக இரண்டு பிள்ளைகளுடன் நான்கு மணி நேர விமானம், அப்புறம் காரில் இன்னும் சில மணி நேரம். விமான நிலையத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் மூன்று தடவை வர வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது முதல் வாரம். விசேஷ வீட்டில், கணவர் இல்லாமல், மருமகளாக நான் மட்டும். பத்திரிகை வைப்பது, பாத்திரக் கணக்கு, வருகிறவர்களுக்குக் காபி என்று எல்லாவற்றுக்கும் என் பெயர்தான் கூப்பிடப்பட்டது. அது எனக்கு லீவாகவே இல்லை. அடுத்த தடவை இப்படிப் போவதாக இருந்தால் முதல் மூன்று நாள் என் அம்மா வீட்டில் இருந்துவிட்டுப் போவேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். நீங்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தனி வாரத்தில் யார் எந்த வீட்டில் இருப்பது என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அலுவலகப் பக்கத்திலும் ஒரு செலவு உண்டு. இரண்டு பேரும் இல்லாத நாட்கள் பாதியாகக் குறைகின்றன, ஆனால் யாராவது ஒருவர் இல்லாத நாட்கள் நீள்கின்றன. ஜூன் 3 முதல் 21 வரை மூன்று வாரமும் ஏதோ ஒரு பிரிவில் ஓர் ஆள் குறைவு. இதை மேலாளரிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.

## விசேஷ வாரம் மட்டும்

ஜூன் 7 வெள்ளி இரவு கிளம்பி 17 திங்கள் திரும்புவது. ஆளுக்கு 5 நாள் லீவு, ஆனால் ஊரில் கிட்டத்தட்ட பத்து நாள் கிடைக்கும், ஏனென்றால் இரண்டு வாரயிறுதியும் ஒரு பொது விடுமுறையும் சேர்கின்றன. இருவரும் இல்லாத வேலை நாட்கள் 5, படிக்கட்டு லீவு அளவேதான். நிறுவனத்தின் கண்ணில் பார்த்தால் நான்கில் இதுதான் மிகச் சிறந்தது. லீவு கையிருப்பு குறைவாக உள்ளவர்கள், வேலையில் சேர்ந்து ஓரிரு வருடமே ஆனவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். முதல் வருடம் 7 நாள் உள்ள ஒருவருக்கு வேறு வழியும் இல்லை.

இருந்தும் நாங்கள் இதை எடுக்காததற்குக் காரணம் நேரம். வந்த மறுநாளே விசேஷ வேலை தொடங்கிவிடும். முடிந்த மூன்றாவது நாள் பெட்டி கட்ட வேண்டும். வயதானவர்கள் உள்ள வீட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்புவதுபோல ஆகிவிடும். வெள்ளி இரவு டிக்கெட்டுக்கும் பொது விடுமுறையன்று திரும்பும் டிக்கெட்டுக்கும் எல்லோரும் போட்டி போடுவார்கள், கட்டணமும் கூடும். இன்னொன்று, இதில் ஒருநாள் கூட இடைவெளி இல்லை. திங்கள் விமானம் தாமதமானால், அல்லது யாருக்காவது காய்ச்சல் வந்தால், செவ்வாய்க்கிழமை இரண்டு பிரிவிலும் ஒரே நேரத்தில் திட்டமிடாத இடைவெளி விழும். படிக்கட்டு லீவில் அப்படி நடந்தால் ஒருவர் மட்டும்தான் மாட்டுவார். இந்த வழியில் போகிறவர்கள் திங்களுக்குப் பதில் ஞாயிறு திரும்புவது மேல்.

நாட்களை நீட்டச் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாமா என்றால், கேட்கலாம், ஆனால் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஒருநாள் பிடித்தம் என்பது மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் வேலை நாட்களால் வகுத்து வருவது. இந்தக் கணக்கில் பொது விடுமுறையும் சேரும் என்பதால், ஐந்து நாள் வேலைக்கு 2024 ஜூனில் 20 வேலை நாட்கள், ஜூலையில் 23. அதே ஒருநாள் லீவுக்கு ஜூனில் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு போகும், ஜூலையில் இருபத்துமூன்றில் ஒரு பங்கு. தம்பதியர் இருவரும் ஒரே மாதத்தில் எடுத்தால் வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் சேர்ந்து குறையும். கடன் தவணை கட்டும் வீட்டில் அது உடனே தெரியும்.

## ஒருவர் அங்கிருந்து வேலை செய்வது

இப்போது நிறைய பேர் கேட்பது இது. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பதற்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை நடப்பில் உள்ளது. முறைப்படி எழுதிக் கேட்டால் நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கும் முறையைத்தான் அது ஒழுங்குபடுத்துகிறது. கேட்டதைத் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதிலும் வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை செய்வது என்றால் விசா, வரி, தரவுப் பாதுகாப்பு என்று நிறுவனம் யோசிக்க வேண்டியது நிறைய. இரண்டு மாதம் என்ற கணக்கை வைத்தே விண்ணப்பத்தை முன்னால் கொடுக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 8.30 என்றால் அங்கே 6.00. மாலை 3.30க்கு வேலை முடிந்துவிடும் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விசேஷ வீட்டில் காலை ஆறு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து உட்காருகிறவரை யாரும் விட்டுவைப்பதில்லை. "பூக்காரர் வந்துட்டாரு, கொஞ்சம் பாரேன்ப்பா" என்று ஒரு குரல் வரும், எழுந்துதான் ஆக வேண்டும். அட்டவணையில் ஆள் இருக்கிறார், உண்மையில் இல்லை. அறிவித்துவிட்டு இல்லாமல் இருப்பதை விட இது மோசம், ஏனென்றால் அவர் இருக்கிறார் என்று நம்பி யாரும் மாற்று ஆள் வைத்திருக்க மாட்டார்கள். என் வேலையில் முப்பது பேரின் சம்பள விவரம் இருக்கிறது. அதை உறவினர் வீட்டு வைஃபையில் திறக்க நான் தயாராக இல்லை.

விசேஷம் எதுவும் இல்லாமல், அம்மா அப்பாவைப் பார்க்க மட்டும் போகிறீர்கள், தனி அறை இருக்கிறது, செய்வது அறிக்கை தயாரிப்பது போன்ற அவசரமில்லாத வேலை என்றால், ஓரிரு நாளுக்கு இது சரிப்படும்.

## இருவரும் ஒரே பிரிவு என்றால்

மேலே சொன்னதெல்லாம் பிரிவு வேறாக இருந்தால். ஒரே பிரிவில், அதுவும் ஒருவருக்கு மற்றவர்தான் மாற்று ஆள் என்றால், எந்த வழியானாலும் சேர்ந்திருக்கும் நாட்களுக்கு மூன்றாவது ஒருவர் தேவை. அந்த மூன்றாவது ஆளைத் தயார் செய்யாமல் தேதி கேட்பதில் பயனில்லை. அவர் ஒரு முழு மாதச் சுற்றை உங்களோடு பார்க்க வேண்டும், அடுத்த மாதச் சுற்றை நீங்கள் பக்கத்தில் இருக்க அவரே செய்ய வேண்டும். ஆக இரண்டு மாதம். ஜூன் 10க்குப் போக வேண்டும் என்றால் ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி என்றால், லீவுக்கு ஒப்புதல் தருவது வேறு ஒருவராக இருக்கட்டும். உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்காவிட்டாலும் அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது.

## விண்ணப்பத்தை எப்படிக் கொடுத்தோம்

2023இல் நாங்கள் செய்த தப்பு, தனித்தனியாகக் கொடுத்ததும் ஒருவர் லீவு மற்றவர் மேலாளருக்குத் தெரியாமல் இருந்ததும். 2024இல் மார்ச் கடைசியில் ஒரே பக்கத் தாள் ஒன்று தயாரித்து, இரண்டு மேலாளருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினோம். அதில் மூன்று விஷயம்தான்: யார் எந்தத் தேதியில் இல்லை, இருவரும் இல்லாத ஐந்து நாள் எவை, அந்த ஐந்து நாளில் எங்களுக்கு நடுவே ஓடும் இரண்டு அவசர வேலையை யார் பார்ப்பார்கள். முறையான விண்ணப்பத்தை அவரவர் வழியில் தனியாகத்தான் போட்டோம்.

அப்புறம் ஓர் ஒத்திகை. மே மாதத்தில் ஒரு வேலை நாள். அன்று நாங்கள் இருவரும் வேலைக்கு வந்தோம், ஆனால் அந்த இரண்டு வேலையையும் தொடவில்லை. எங்களுக்குப் பதில் வரப்போகிறவர்கள் தாங்களே செய்தார்கள். காலை பதினொரு மணிக்கே ஒரு குறை வெளியே வந்தது. எனக்குப் பதில் வருபவருக்கு இந்தத் தடவை பணம் அனுப்பும் உரிமை கொடுத்திருந்தார்கள், ஆனால் ஒருநாள் வரம்பு மிகக் குறைவாக இருந்தது. ஒரு கப்பல் நிறுவனத்தின் பில்லுக்கே அது போதவில்லை. வரம்பைக் கூட்ட இயக்குநர் கையெழுத்துப் போட்டு வங்கிக்கு அனுப்ப வேண்டும், அதற்கு நான்கு வேலை நாள் ஆனது. ஜூன் 10 அன்று இது தெரிந்திருந்தால் 2023 கதை மறுபடி நடந்திருக்கும்.

டிக்கெட்டை இரண்டு ஒப்புதலும் கையில் வந்த பிறகுதான் எடுத்தோம். மாற்ற முடியாத சலுகை டிக்கெட்டை முதல் ஒப்புதல் வந்ததுமே வாங்கிவிட்டு, இரண்டாவது மேலாளர் முன் போய் நிற்கும் தம்பதியரைப் பார்த்திருக்கிறேன். அது அவரை நெருக்குவதாகவே ஆகும். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால், முழு விண்ணப்பத்தையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. எந்த நாட்கள் இடிக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கே முதலில் அவர் லீவு ஜூன் 6 முதல் என்று போட்டிருந்தோம். இறக்குமதி மேலாளர் 6, 7 மட்டும் முடியாது என்றார், இரண்டு நாளை முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் சேர்த்தோம். அந்த மாற்றத்தால்தான் அவரும் பிள்ளைகளும் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் வரை ஊரில் இருக்க முடிந்தது.